இத்தா முடிந்து பணிக்குத் திரும்பிய சகோதரிக்கு எழுதிய மடல்



சென்ற ஆண்டு ஜூன் 5ஆம் நாள், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு நாட்களுக்கு முன்பு, எங்கள் அலுவலகத்தில் கணக்கு எழுதும் ஒரு சகோதரியின் கணவர் மாரடைப்பால் வஃபாத் ஆனார். நாற்பது வயதைக் கடந்திராதவர். பள்ளிக்குச் செல்லும் இரண்டு பிள்ளைகள். நாங்கள் நாமக்கல்லிலிருந்து ராசிபுரம் சென்று ஜனாஸாவில் கலந்துகொண்டோம். முதலாளியும் வந்திருந்தார். அவர் முஸ்லிம் அல்லர். கபர்ஸ்தானின் வாசலில் வெகுநேரம் நின்றுவிட்டு, திரும்பும் வழியில் காரில் என்னிடம் கேட்டார்: "மேனேஜர், அந்தப் பொண்ணு எப்ப வேலைக்கு வரும்?"

நான்கு மாதமும் பத்து நாளும் ஆகும் என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. திருச்செங்கோடு சாலைப் பிரிவு வந்தபோதுதான், "அதுவரைக்கும் யார் பார்க்கிறது?" என்று கேட்டார். அவர் கேட்டதில் கல்நெஞ்சம் ஒன்றும் இல்லை. முட்டைத் தொழிலில் ஒரு நாள் கணக்குக்கூட நாளைக்கு நிற்காது.

தனியார் நிறுவனங்களில் துக்க விடுப்பு என்று சட்டத்தில் தனியாக எதுவும் இல்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 ஓராண்டுப் பணி முடித்தவருக்கு ஊதியத்துடன் 12 நாள் விடுப்பும், ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பும், 12 நாள் நோய் விடுப்பும் தருகிறது. அந்தச் சகோதரிக்கு மீதமிருந்தவற்றைக் கூட்டினால் 21 நாட்கள் வந்தன. எஞ்சிய நாட்களை ஊதியமில்லா விடுப்பாக எழுதி, அவருடைய பணியிடம் அவருக்கே என்று ஒரு தாளில் முதலாளியின் கையொப்பமும் வாங்கி வைத்தேன். நான் செய்தவற்றில் உருப்படியானது அந்தத் தாள்தான். ஆனால் அதன் நகல் ஒன்றை அவருக்கு அனுப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதன் விளைவைப் பின்னால் சொல்கிறேன்.

விடுப்பு எத்தனை நாள் என்பதிலேயே ஒரு தவறு நேர்ந்தது. அலுவலகத்தில் ஆங்கில நாட்காட்டியைப் பார்த்து ஜூன் 5க்கு நான்கு மாதமும் பத்து நாளும் சேர்த்து, அக்டோபர் 15 என்று பதிவேட்டில் குறித்துவிட்டோம். எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் பேச்சுவாக்கில் சொன்னபோது அவர் திருத்தினார். கணவரின் மரணம் பிறை மாதத்தின் முதல் நாளில் நேர்ந்தால் பிறையைக் கொண்டு நான்கு மாதம் எண்ண வேண்டும். இடையில் நேர்ந்தால், இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கூற்றுப்படி 130 நாட்கள் எண்ண வேண்டும் என்றார். 130 நாட்கள் எண்ணினால் அக்டோபர் 13 வருகிறது. ஒரு பெண் தன் வாழ்வின் மிகக் கடினமான நாட்களை ஒவ்வொன்றாக எண்ணிக் கழித்துக்கொண்டிருக்க, நாங்கள் இரண்டு நாட்களைத் தவறாக எழுதி வைத்திருந்தோம். அவள் கருவுற்றிருந்தால் கணக்கே வேறு. பிரசவத்தோடு இத்தா முடிந்துவிடும்.

ஹஜ்ரத் இன்னொன்றும் சொன்னார். கணவரை இழந்தவள் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பதால், பிழைப்பின் தேவைக்காகப் பகலில் வெளியே சென்று, இரவைத் தன் வீட்டிலேயே கழிப்பதற்கு ஹனஃபி சட்டநூல்கள் இடம் தருகின்றன. ஆகவே, அவருக்கு வேறு வழியில்லை என்றால் இத்தாவுக்குள்ளேயே பகல் வேலைக்கு வருவதும் கூடும். இதை நான் சகோதரியின் அண்ணனிடம் சொல்லி அனுப்பினேன். அண்ணன் செலவைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். சகோதரியும் வீட்டிலேயே இருந்துகொண்டார். அது அவர்களின் முடிவு. ஆனால் அப்படி ஓர் அண்ணன் இல்லாத பெண்களுக்கு இந்தச் சட்டம் தெரிந்திருப்பது அவசியம் என்பதற்காக இங்கே எழுதுகிறேன்.

அந்த நான்கு மாதங்களில் நான் அவரோடு நேரடியாகப் பேசவில்லை. இத்தாவில் இருக்கும் பெண்ணுக்கு அந்நிய ஆடவன் தொலைபேசியில் அழைப்பது முறையன்று என்று நினைத்து, எதுவானாலும் அண்ணன் வழியாகவே விசாரித்தேன். அவரும் "எல்லாம் நல்லா போகுது, நீங்க கவலைப்படாதீங்க" என்பார். நானும் அதையே பதிலாகச் சொல்லியனுப்புவேன். அக்டோபர் 12ஆம் தேதி அவர் அலுவலகத்துக்கு வந்து, தயங்கித் தயங்கிக் கேட்டார்: "பாய், தங்கச்சிக்கு இங்க வேலை இருக்கா? இல்லைன்னா வேற இடம் பார்க்கணும்னு சொல்லுது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அலுவலகத்தில் எல்லாம் நன்றாகப் போகிறது என்ற செய்தியை அந்தச் சகோதரி, தான் இல்லாமலே நன்றாகப் போகிறது என்று கேட்டிருக்கிறார். பணியிடம் அவருக்கே என்று எழுதிய தாள் என் மேசை அறையில் நான்கு மாதமாகக் கிடந்தது. மார்க்கப் பேணுதல் என்று எண்ணி நான் வாய் மூடியிருந்ததில் பாதி சோம்பல். அண்ணன் கையிலேயே ஒரு கடிதத்தைக் கொடுத்தனுப்புவதை எந்தப் பேணுதல் தடுத்தது?

அன்றிரவு அவருக்கு ஒரு மடல் எழுத உட்கார்ந்தேன்.

எழுதும்போது வேறொருவரின் முகம் எனக்கு முன்னால் வந்தது. சில ஆண்டுகளுக்கு முன்பு, வேறொரு நிறுவனத்தில், என் கீழே பணியாற்றிய இளைஞர் ஒருவர் தம் தாயை இழந்து பத்து நாள் கழித்துத் திரும்பினார். அவருக்கு நான் அனுப்பிய செய்தி இன்னும் நினைவிருக்கிறது. ஆழ்ந்த இரங்கல், உங்கள் வருகையை எதிர்நோக்குகிறோம், மெதுவாகச் செய்யுங்கள், என்ன உதவி வேண்டுமானாலும் தயங்காமல் கேளுங்கள் என்று நான்கு வரி. படித்தால் நல்ல செய்தி போலத்தான் இருக்கும். ஆனால் அவர் மேசையில் பத்து நாள் வேலை குவிந்து கிடந்தது. எதை மெதுவாகச் செய்வது, எதை விட்டுவிடலாம் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? கேளுங்கள் என்றேன், அவர் கேட்கவில்லை. கேட்பதற்கு, முதலில் தன்னால் எது முடியவில்லை என்று ஆராய வேண்டும், பிறகு அதைச் சொல்லச் சொல் தேட வேண்டும், பிறகு மேலாளரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். தாயைப் புதைத்துவிட்டு வந்தவருக்கு இந்த மூன்று வேலைகளையும் நான் கூடுதலாகக் கொடுத்திருக்கிறேன். மூன்றாவது வாரம் ஒரே கட்டணத்தை இரண்டு முறை வங்கியில் செலுத்திவிட்டார். மாதக் கடைசியில் ராஜினாமா கொடுத்தார். நான் அதை ஏற்றுக்கொண்டு, வாழ்த்தும் சொன்னேன்!

முஃத்தா போரில் ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) ஷஹீதான செய்தி மதீனாவுக்கு வந்தபோது, அவருடைய குடும்பத்தாருக்கு உணவு தயாரிக்கும்படி நபி (ஸல்) அவர்கள் மற்றவர்களைப் பணித்தார்கள். அவர்களை ஆட்கொள்ளும் ஒன்று அவர்களுக்கு நேர்ந்துவிட்டது என்று காரணமும் சொன்னார்கள். ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு நடந்தது. நம் ஊர்களில் மவுத் வீட்டில் அடுப்பு மூட்டாமல் அக்கம்பக்கத்தார் சாப்பாடு கொண்டுவருவதற்கு இதுதான் வேர். சிறுவயதிலிருந்து இதைப் பலமுறை பயானில் கேட்டிருக்கிறேன். அந்த இரவில்தான் ஒரு மேலாளராகக் கேட்டேன். அந்தக் கட்டளை துக்கத்தில் இருந்தவர்களை நோக்கிச் சொல்லப்படவில்லை. உங்களுக்கு என்ன வேண்டும் என்று அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களிடம் கேட்கப்படவும் இல்லை. குறிப்பிட்ட ஒரு வேலை, அதாவது சமையல், அவர்கள் கையிலிருந்து எடுக்கப்பட்டு, குறிப்பிட்ட மற்றவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்கு ஓர் எல்லையும் இருந்தது. ஜஃபரின் பிள்ளைகளை மூன்று நாள் விட்டுவைத்து, பிறகு நபியவர்களே வந்து, இனி அழவேண்டாம் என்று சொல்லி, நாவிதரை வரவழைத்து அப்பிள்ளைகளின் தலையை மழிக்கச் செய்தார்கள் என்றும் அறிவிப்பு இருக்கிறது. எந்த வேலை, யார் கையில், எதுவரை. மடலில் எழுத வேண்டியதும் அவ்வளவுதான் என்று எனக்குப் பட்டது.

ஆகவே முதலில் மடலை ஒதுக்கி வைத்துவிட்டு, அவர் அன்றாடம் செய்த வேலைகளை ஒரு தாளில் எழுதினேன். காலையில் பண்ணை மேற்பார்வையாளர்கள் அனுப்பும் முட்டைக் கணக்கை ஷெட் வாரியாக ஏற்றுவது. தீவன இருப்பைச் சரிபார்ப்பது. மாலை நான்கு மணிக்கு மேல் கேரளாவுக்குப் போகும் லோடுகளுக்கு ட்ரே எண்ணிக்கை பார்த்து பில் போடுவது. வியாபாரிகளைத் தொலைபேசியில் அழைத்துப் பாக்கி கேட்பது. வங்கிக் கணக்கை ஒத்துப் பார்ப்பது. தீவனக்காரர்களுக்குப் பணம் அனுப்புவது.

இவற்றில் பாதியைக் குறைத்தால் சுமை பாதியாகும் என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. யோசித்தபோது, சுமை எண்ணிக்கையில் இல்லை என்று புரிந்தது. காலைக் கணக்கு ஏற்றுவது ஒன்றரை மணி நேர வேலை. ஆனால் அமைதியான வேலை. முடித்தால் முடிந்தது என்று தெரியும். பாக்கி கேட்பது அரை மணி நேர வேலைதான். பாலக்காட்டிலிருந்து கோட்டயம் வரை 23 வியாபாரிகள். எல்லோருக்கும் அவர் குரல் தெரியும். ஒவ்வொருவரும் முதலில் "என்னாச்சு, ரொம்ப நாளா காணோம்?" என்று கேட்பார்கள். 23 முறை அவர் தம் கணவர் இறந்ததைச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு உடனே பணம் கேட்க வேண்டும். அந்த அரை மணி நேரம்தான் முதலில் எடுக்கப்பட வேண்டியது.

மாலை பில் வேலையை எடுத்ததற்குக் காரணம் வேறு. ஏழு மணிக்கு லோடு கிளம்பி, அவர் பேருந்து பிடித்து ராசிபுரம் போய்ச் சேர இரவாகிவிடும். முன்பு பிள்ளைகளோடு தந்தை இருந்தார். வங்கியில் பணம் அனுப்புவதை மட்டும் முழுவதும் எடுக்கவில்லை. அதை எடுத்தால், நம்பிக்கை போய்விட்டது என்று அவர் நினைக்கக்கூடும். ஆகவே யார் பதிவு செய்தாலும் இன்னொருவர் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகே பணம் போகும் என்று அலுவலகம் முழுமைக்கும் விதி வைத்தேன். பழைய நிறுவனத்திலேயே வைத்திருக்க வேண்டிய விதி அது.

எல்லாவற்றையும் எடுத்துவிடுவதும் தவறு. நான்கு மாதம் நான்கு சுவருக்குள் இருந்துவிட்டு வருபவரை வெறும் மேசையில் உட்காரவைத்தால், அது ஓய்வாகாது. துக்கம் வந்து உட்கார இடம் தருவதாகத்தான் ஆகும்.

பிறகு மடலை எழுதினேன். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். நான்காவதை என் மனைவியிடம் கொடுத்தேன். "உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது" என்ற வரியைக் காட்டி, "உங்களுக்கு எப்படிப் புரியும்? நான் உயிரோடதானே இருக்கேன்" என்றார். அடித்துவிட்டேன். "நீங்கள் இல்லாமல் வேலைகள் எல்லாம் தேங்கிவிட்டன" என்ற வரியை, அவரைப் பெருமைப்படுத்துவதாக எண்ணி எழுதியிருந்தேன். அது கடன் பாக்கியை நினைவூட்டுவது போல இருக்கிறது என்றார். அதுவும் போயிற்று. பொறுமையின் சிறப்பைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. நான்கு மாதமாக அவர் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் அதைத்தான் சொல்லியிருப்பார்கள், சம்பளம் எவ்வளவு என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார். அந்தப் பத்தியைத் துஆவின் ஒரு வரியாகச் சுருக்கினேன்.

அக்டோபர் 13, அஸருக்குப் பிறகு அவர் எண்ணுக்கே அனுப்பிய மடல் இது. பெயரை மட்டும் நீக்கியிருக்கிறேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும் சகோதரி. அல்லாஹ் உங்கள் கணவரின் பிழைகளைப் பொறுத்து, அவருடைய கபரை விசாலமாக்குவானாக.

உங்கள் பணியிடம் ஜூன் மாதத்திலிருந்தே உங்களுக்காக வைக்கப்பட்டிருக்கிறது. முதலாளி கையொப்பமிட்ட தாளை இத்துடன் அனுப்புகிறேன். இதை அப்போதே அனுப்பாதது என் தவறு. மன்னிக்கவும்.

வரும் 16ஆம் தேதி வியாழக்கிழமை நீங்கள் வரலாம். இன்னும் சில நாள் வேண்டுமென்றால் அண்ணனிடம் தேதியை மட்டும் சொல்லி அனுப்புங்கள். காரணம் சொல்ல வேண்டாம்.

நவம்பர் 15 வரை உங்கள் நேரம் காலை 10 முதல் மாலை 4.30 வரை. சம்பளம் முழுச் சம்பளம். நேரக் குறைவுக்காக எதுவும் பிடிக்கப்படாது.

காலை முட்டைக் கணக்கு, தீவன இருப்பு, வங்கிக் கணக்கு ஒத்துப்பார்த்தல் ஆகியவை உங்களுடையவை. கடந்த நான்கு மாதக் கணக்கு முடிக்கப்பட்டுவிட்டது. நீங்கள் பழையதைத் தொட வேண்டியதில்லை. மாலை லோடு பில் நவம்பர் 15 வரை என்னிடம். வியாபாரிகளின் பாக்கிப் பட்டியல் நவம்பர் 30 வரை கணக்குப் பிரிவுத் தம்பியிடம்; டிசம்பர் 1 முதல் அது மீண்டும் உங்களுடையது. வியாபாரிகளிடம் நடந்ததை அவரே சொல்லிவிட்டார். இனி யாரும் புதிதாகக் கேட்க மாட்டார்கள்.

பணம் அனுப்புவதில் இனி எல்லோருக்கும் இரண்டாவது சரிபார்ப்பு உண்டு, எனக்கும் உண்டு.

இவற்றில் எதையாவது முன்பே எடுத்துக்கொள்ள விரும்பினாலும், பின்னால் தள்ள விரும்பினாலும் மாற்றலாம். ஒவ்வொரு சனிக்கிழமையும் நானே கேட்பேன். இந்தச் செய்திக்குப் பதில் தேவையில்லை."

பதில் வந்தது. ஒரே வரி: "வ அலைக்குமுஸ் ஸலாம். 16 வருகிறேன், இன்ஷா அல்லாஹ்."

வியாழக்கிழமையைத் தேர்ந்ததற்குக் காரணம், முதல் வாரம் மூன்று நாளில் முடிந்துவிடும் என்பது. அத்தோடு அது புரட்டாசியின் கடைசி. தமிழ்நாட்டில் அந்த மாதம் பலர் முட்டையைத் தவிர்ப்பதால் விற்பனை மந்தமாக இருக்கும். அலுவலகத்தில் தொலைபேசி அவ்வளவாக அலறாது. ஆனால் ஐப்பசி பிறந்ததும் எல்லாம் தலைகீழாகும் என்பதை நான் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன். லோடு கூடியது. மாலை பில்லை என்னிடம் வைத்துக்கொண்டதால், நான் வீடு திரும்ப இரவு ஒன்பதாயிற்று. பாக்கிப் பட்டியலை ஏற்ற தம்பி ஒருநாள், "சார், இது எனக்கே நிரந்தரமா?" என்று கேட்டார். நவம்பர் 30 என்று அவரிடமும் எழுத்தில் கொடுத்திருந்தேன். அதைக் காட்டினேன், அந்த ஆறு வாரத்துக்கு ஒரு தொகையும் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுக்க முதலாளி ஒப்புக்கொண்டார். ஒருவரின் சுமையைக் குறைப்பது என்றால் அது இன்னொருவர் தோளில்தான் ஏறுகிறது. அவருக்கும் எல்லை தெரியாவிட்டால், அவருடைய சலிப்பு மெல்ல மெல்லத் துக்கத்தில் இருப்பவரின் மேசைக்கு வந்துவிடும்.

இரண்டாம் வாரம்வரை சகோதரியைப் பார்த்தால் எதுவும் தெரியவில்லை. அழவில்லை, பேசினார், லுஹருக்குப் பெண்கள் அறையில் தொழுதுவிட்டு வந்து வேலையைத் தொடர்ந்தார். நாங்கள் எல்லோரும் அவர் தேறிவிட்டார் என்று நினைத்தோம். கணக்குதான் காட்டிக்கொடுத்தது. ஒருநாள் மூன்றாவது ஷெட்டில் 9,800 கோழிக்கு 10,240 முட்டை என்று பதிவாகியிருந்தது. ஒரு கோழி ஒரு நாளில் ஒரு முட்டைக்கு மேல் இடாது என்பது நாமக்கல்லில் குழந்தைக்கும் தெரியும். பின்னால் பார்த்தபோது, மூன்று நாளாக நான்காவது ஷெட் கணக்கு மூன்றாவதிலும், மூன்றாவதன் கணக்கு நான்காவதிலும் ஏறியிருந்தது. முதல் இரண்டு நாளும் எண்கள் அருகருகே இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

பழைய நானாக இருந்தால் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய், "பரவாயில்லை, மெதுவாகப் பாருங்கள்" என்று சொல்லியிருப்பேன். இம்முறை சனிக்கிழமை கேட்பேன் என்று சொல்லியிருந்தது கைகொடுத்தது. சனிக்கிழமை வந்தது. எங்கள் பேக்கிங் பிரிவின் மூத்த அம்மா ஒருவரையும் உடன் உட்காரவைத்துக்கொண்டு, எப்போதும் கேட்பதுபோல வேலைகளை வரிசையாகக் கேட்டேன். மூன்று, நான்கு ஷெட்களின் கணக்கு மாறியிருப்பதையும் அந்த வரிசையிலேயே சொன்னேன். சிறிது நேரம் கழித்து அவரே சொன்னார். மேற்பார்வையாளர்கள் காலை எட்டரைக்குக் கணக்கு அனுப்புகிறார்கள், அவர் பத்து மணிக்கு வருகிறார், அதற்குள் பண்ணையிலிருந்து மூன்று பேர் "ஏத்தியாச்சா?" என்று கேட்டுவிடுகிறார்கள், அதனால் பேருந்திலேயே, கைப்பேசியில், இளைய பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஏற்றத் தொடங்கிவிட்டாராம். அந்தப் பிள்ளையை நாமக்கல்லில் இருக்கும் மாமி வீட்டில் விட்டுவிட்டு வருகிறார்.

அதாவது, நான் நேரத்தைக் குறைத்தேனே தவிர, அந்த நேரத்தின் வாசலில் காத்திருந்த வேலையைத் தள்ளிவைக்கவில்லை. மடலில் 10 மணி என்று எழுதியது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், பண்ணைக்குத் தெரியாது. அன்றே மேற்பார்வையாளர்களின் குழுவில், நவம்பர் 15 வரை கணக்கு 11.30க்குத்தான் ஏறும், அதற்குமுன் கேட்க வேண்டியிருந்தால் என்னைக் கேளுங்கள் என்று எழுதினேன். அடுத்த வாரத்திலிருந்து ஷெட் கணக்கு சரியாகிவிட்டது. துக்கத்தில் அவருக்குக் கவனம் சிதறுகிறது என்று நான் முடிவு கட்டியிருந்தால், இதைக் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன்.

நவம்பர் 15க்குப் பிறகு மாலை பில்லை எடுத்துக்கொள்ள அவர் தயங்கினார். பிள்ளைகளுக்கு மாலையில் ஆள் இல்லை. இது துக்கத்தின் கணக்கில் வராது, இனி அவருடைய வாழ்க்கையே இப்படித்தான் என்பதை அப்போதுதான் நானும் ஏற்றேன். ஒரு மாதச் சலுகையை இரண்டு மாதமாக நீட்டினால் இது தீராது. மாலை பில்லை நிரந்தரமாக வேறொருவருக்கு மாற்றி, அதற்கு ஈடாகத் தீவனக் கொள்முதல் கணக்கை அவருக்குக் கொடுத்தோம். மக்காச்சோளம், சோயா வரத்து பகலிலேயே முடிந்துவிடும் வேலை. நேரம் காலை 9 முதல் 5 வரை என்று மாறியது. முதலாளி முதலில் முகம் சுளித்தார்; பிறகு, "சரி, கணக்கு நேராப் போனா போதும்" என்றார்.

ஒருநாள் அந்த மடலைப் பற்றி என் மனைவி அவரிடம் பேசியிருக்கிறார். எந்த வரி ஆறுதலாக இருந்தது என்று கேட்டாராம். துஆ வரியாக இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். சம்பளம் பிடிக்கப்படாது என்பதைத்தான் திரும்பத் திரும்பப் படித்ததாகவும், அதை அண்ணனுக்கும் படித்துக் காட்டியதாகவும் சொன்னாராம். அதற்கு அடுத்து, பதில் தேவையில்லை என்ற வரி. அந்த நான்கு மாதத்தில் வந்த ஆறுதல் செய்திகளுக்கெல்லாம் பதில் எழுதி எழுதிக் கை ஓய்ந்திருந்ததாம்.

டிசம்பர் 1, திங்கட்கிழமை. தம்பி பாக்கிப் பட்டியலைக் கொண்டுவந்து அவர் மேசையில் வைத்தார். 23 பெயர். ஆறு வாரத்தில் இரண்டு பேர் நிறையவே இழுத்தடித்திருந்தார்கள். சகோதரி பட்டியலை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். பிறகு தொலைபேசியை எடுத்து, பாக்கி அதிகமிருந்த பாலக்காட்டு வியாபாரியை முதலில் அழைத்தார். நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்தேன். அவர் ஸலாம் சொல்வது கேட்டது. சற்று நேரம் எதிர்முனையில் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "அல்ஹம்துலில்லாஹ், இக்கா" என்றார். பிறகு போன மாத பில் எண்களை ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினார்.